‘கினு’வைத் தொடாமல் ஆயிரம் சொற்களைக் குறைப்பது எப்படி?

கேள்வி: குடியாத்தத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் வாழ்க்கைக் கதையில் ஒரு அத்தியாயத்தைத் தொகுப்பு நூலுக்குக் கேட்டிருக்கிறார்கள். அது 3,060 சொற்கள். அவர்கள் கேட்பது 2,000. ஒவ்வொரு வரியாகச் சுருக்கிப் பார்த்தேன், யாரோ எழுதியது போல ஆகிவிட்டது. என் அப்பாவை நைனா என்போம்; அவர் முதலாளி வீட்டுக்கு இரண்டு முறை போனதை ஒரே முறையாக்கினால் இடம் மிச்சமாகுமே, அப்படிச் செய்யலாமா? அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: வரி வரியாகச் சுருக்கியதுதான் தப்பு அம்மா. உங்கள் முதல் பக்கத்திலிருந்தே காட்டுகிறேன். நீங்கள் முதலில் எழுதியது இது:

“நைனா தறிக்குழியில கால வச்சுகினு ஒக்காந்தா எழுந்திருக்கறதுக்கு மதியம் ஆவும். அப்பால கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாரு. திரும்ப மாட்டாருன்னா கோவம் இல்ல, நாடா சத்தத்துல காது கேக்காது. எனக்கு அது அப்ப தெரியாது. கோவம்னு நெனச்சுகினு இருந்தேன்.”

சுருக்கிய பிறகு:

“நைனா தறியில் உட்கார்ந்தால் மதியம்தான் எழுவார். நாடா சத்தத்தில் கூப்பிடுவது கேட்காது; நான் அதைக் கோபம் என்று நினைத்தேன்.”

27 சொல் 14 ஆகிவிட்டது. தகவல் என்று பார்த்தால் எதுவும் குறையவில்லை. ஆனால் முதல் வடிவத்தில் ‘திரும்ப மாட்டாரு’ என்று ஒரு முறை சொல்லி, அதையே திரும்பப் பிடித்துக்கொண்டு காரணத்துக்குப் போகிறீர்கள். நேரில் பேசும்போதும் நீங்கள் அப்படித்தான் பேசுவீர்கள் என்று நினைக்கிறேன். அப்புறம், குழந்தை தப்பாக நினைத்தது கடைசி வாக்கியத்தில் தனியாக வந்து விழுகிறது. சுருக்கியதில் அது அரைப்புள்ளிக்குப் பின்னால் ஒரு துணைச் செய்தியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘கொண்டு’ என்பதற்கு உங்கள் பேச்சில் வரும் ‘கினு’ போனது கண்ணுக்குத் தெரியும் இழப்பு. இந்த வரிசை போனதுதான் பெரிய இழப்பு. ‘கினு’வை மட்டும் திரும்பப் போட்டாலும் அந்தப் பத்தி உயிர் பெறாது.

இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். தொகுப்பு வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெரியவரின் கட்டுரையை வாக்கியத்துக்கு இரண்டு சொல் வீதம் செதுக்கி அனுப்பினேன். போனில் கூப்பிட்டு, “நல்லா இருக்கு தம்பி, யாரு எழுதினது?” என்றார். அதிலிருந்து ஒரு கட்டுரையை மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டுமென்றால், வாக்கியத்தில் கை வைப்பதைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். முதலில் முழுத் துண்டுகளாகத்தான் எடுப்பது.

அதற்கு எந்தத் துண்டு எத்தனை சொல் என்று தெரிய வேண்டும். உங்கள் அத்தியாயத்தை அப்படிப் பிரித்துப் பார்த்தேன். குடியாத்தம் பற்றிய அறிமுகம் 310. வீடும் குழித்தறியும் 380. நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூலை ராட்டையில் தாராகச் சுற்றியது 420. மாமா பெங்களூருக்கு வேலைக்குப் போனது 350. சித்திரைக் கடைசியில் நைனா லுங்கிக் கட்டை முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோய், துணியில் குற்றம் என்று கூலி பிடிக்கப்பட்டுத் திரும்பியது 480. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் பழைய பாவாடையோடு போனது 620. விசைத்தறி வந்து கைத்தறி நொடித்தது 500.

இனி, இந்த அத்தியாயத்தில் உங்களைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாத விஷயம் எது? நீங்கள் அதை ஏழாவது பக்கத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். முதலாளி காட்டிய குற்றம் ஊடையில், அதாவது துணியின் குறுக்கு நூலில், விழுந்த சுருக்கு. தாரைத் தளர்வாகச் சுற்றினால் நாடா ஓடும்போது நூல் மொத்தமாக நழுவி வந்து துணியில் அப்படிச் சுருண்டு நிற்கும். அந்தத் தாரைச் சுற்றியது நீங்கள். விளையாடப் போகும் அவசரத்தில் சுற்றியது. நைனாவிடம் கடைசிவரை சொல்லவில்லை.

இதுதான் முதுகெலும்பு. இது தெரிந்துவிட்டால் எது வேண்டும், எது வேண்டாம் என்பது தானாகப் பிரிந்துவிடும். தார் சுற்றியது, கூலி பிடித்தது, திருவிழா மூன்றும் இருந்தே ஆக வேண்டும். தறி இல்லாமல் தார் புரியாது, அதனால் அதுவும் இருக்கட்டும். மாமாவின் 350 சொல்லும் நன்றாக இருக்கிறது, எனக்குப் பிடித்தும் இருக்கிறது, ஆனால் அது வேறு கதை. உங்கள் முழு நூலில் இருக்கட்டும், இங்கிருந்து எடுத்துவிடுங்கள். ஊர் அறிமுகத்தில் கௌண்டன்யா ஆற்றங்கரையில் தெரு நெடுகப் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடும் வரிகளை மட்டும் வையுங்கள்; அது 40 சொல். மீதி 270 போகலாம். அந்த 270-ஐ யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். “கைத்தறி நமது பண்பாட்டின் அடையாளம்” என்று தொடங்கும் பத்தியில் நீங்கள் இல்லை, வகுப்பில் நிற்கும் ஆசிரியை இருக்கிறார். கோபித்துக்கொள்ளாதீர்கள், பாடம் நடத்திப் பழகிய பலருக்கும் இது வரும்.

விசைத்தறி பற்றிய 500 சொல்லை எடுக்கச் சொல்வதுதான் உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். அதற்குச் சற்று முன்னால், திருவிழா முடிந்து வந்த இரவில் நைனா சொல்வதைப் பாருங்கள்: “நாளைலேர்ந்து தார நானே சுத்திக்கறேன். நீ பட்சிகினு இரு.” அவருக்குத் தெரிந்திருந்ததா, இல்லையா? நீங்கள் எதுவும் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். அப்படி விட்டதற்கு அடுத்த வரியே விசைத்தறிகளின் வருகையைப் பேசத் தொடங்கினால் வாசகருக்கு யோசிக்க நேரமில்லை. அத்தியாயம் அங்கேயே முடியட்டும்.

கணக்கைப் பார்ப்போம். 350, 270, 500 மூன்றும் போக மிச்சம் 1,940. அப்பாடா என்று உட்கார்ந்துவிட வேண்டாம். நூலில் முந்தைய அத்தியாயங்களைப் படித்தவருக்கு ‘நைனா’ யார், ‘முதலாளி’ யார், நூலை அவரிடம் வாங்கி அவருக்கே நெய்து கொடுக்கும் ஏற்பாடு என்ன என்பதெல்லாம் தெரியும். தொகுப்பை வாங்குகிறவருக்குத் தெரியாது. நைனா என்றால் அப்பா என்பதே திருநெல்வேலிக்காரருக்கு உடனே பிடிபடாமல் போகலாம். இதற்கு ஆங்காங்கே சேர்த்து 70 சொல்லாவது புதிதாக எழுத வேண்டும். தனி அத்தியாயத்தை எடுத்துக் கொடுக்கும் பலர் இதை மறந்து, சரியாக எல்லையில் வந்து நிற்கிறார்கள். உங்களுக்கு இப்போது 2,010.

திருவிழாவில் சிரசு ஊர்வலத்தை விவரிக்கும் இடம் 160 சொல். அதில் கோயில் வரலாறும் கூட்டத்தின் அளவும் இருக்கின்றன. உங்கள் கண்ணில் பட்டது மட்டும் 40 சொல்லுக்குள் இருக்கிறது: தேங்காய் உடைபடும் சத்தம், அம்மன் முகம் தலைகளுக்கு மேல் ஆடி ஆடி வருவது, எல்லோரும் அதைப் பார்க்க நீங்கள் அடுத்த வீட்டுப் பெண்ணின் புதுப் பாவாடைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை வைத்து மற்றதை எடுத்தால் 1,890. ஒரு வாக்கியத்தைக்கூடச் செதுக்கவில்லை, இன்னும் 110 சொல் கையில் இருக்கிறது.

முதலாளி வீட்டுக்கு இரண்டு முறை போனதை ஒன்றாக்காதீர்கள். கதையாக இருந்தால் செய்யலாம். இது நடந்தது என்று சொல்லி எழுதுவது; உங்கள் அண்ணனோ தங்கையோ படித்துவிட்டு “அன்னிக்கு அப்படி நடக்கலையே” என்றால் பதில் இருக்காது. இரண்டில் ஒன்றை விட்டுவிடலாம், அதில் பொய் இல்லை. “இரண்டாம் தடவை போனப்ப” என்று தொடங்கினால் முதல் தடவை இருந்தது என்பதும் தெரிந்துவிடுகிறது, செலவு மூன்று சொல்.

துண்டுகளை எடுத்த பிறகு அறுந்த நுனிகளைத் தேட வேண்டும். எடுத்த பகுதிகளில் வந்த பெயர்கள், பொருள்கள், நாட்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மிச்சமிருக்கும் பகுதியில் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். உங்களுடையதில் ஒன்று எனக்கே தட்டுப்பட்டது. திருவிழாவில் “அந்த பென்சில் டப்பாவுல” காசு சேர்த்து வைத்திருந்ததாக வருகிறது. டப்பா வந்தது மாமா பகுதியில். இப்போது அவர் இல்லை, ‘அந்த’ என்பது எதையும் சுட்டவில்லை. “பெங்களூரு மாமா வாங்கியாந்த பென்சில் டப்பாவுல” என்று எழுதினால் போதும். ‘மறுநாள்’, ‘அதுக்கு அப்பால’ போன்றவையும் இப்படித்தான் ஏமாற்றும். எந்த நாளுக்கு மறுநாள் என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் செல்போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு முழுவதையும் வாய்விட்டுப் படியுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தாளைப் பார்க்காமல் கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒட்டு காதுக்குத் தெரியும்; எந்த இடத்தில் நீங்கள் செய்தி வாசிப்பவர் குரலுக்குப் போகிறீர்களோ அங்கே ஒட்டு சரியில்லை. நீங்கள் புதிதாக எழுதும் 70 சொல்லில்தான் இது பெரும்பாலும் நடக்கும். அவற்றை எழுத்துத் தமிழில் எழுதிவிடுவோம், சுற்றிலும் ‘கினு’ இருக்கும். கையில் உள்ள 110-ஐ இந்த இடங்களைச் சரிசெய்யச் செலவழியுங்கள். மிச்சமிருந்தால் இருக்கட்டும், நிரப்ப வேண்டாம்.

எண்ணிக்கை பற்றி ஒன்று. கணினி இடைவெளியை வைத்துத்தான் சொல் எண்ணும். ‘வச்சு கினு’ என்று பிரித்தால் இரண்டு, சேர்த்தால் ஒன்று. சேர்த்துச் சேர்த்து எழுதி எண்ணிக்கையைக் குறைக்கலாம்தான், ஆனால் அச்சில் பக்கம் குறையாது, தொகுப்பாசிரியர் கண்டுபிடித்துவிடுவார். அதைவிட, ‘வச்சுகினு’வை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். உங்கள் பிரதியில் ‘வச்சிக்கினு’, ‘வெச்சுகினு’ என்று மூன்று விதமாக இருக்கிறது. மெய்ப்புப் பார்ப்பவர் இதைப் பிழை என்று எடுத்துக்கொண்டு மூன்றையும் ‘வைத்துக்கொண்டு’ ஆக்கிவிடுவார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. பிரதியோடு ஒரு சின்னக் குறிப்பு வையுங்கள்: நைனா, அப்பால, ஆவும், கினு ஆகியவை எங்கள் பக்கத்துப் பேச்சு, திருத்த வேண்டாம், இறுதி மெய்ப்பை எனக்கு ஒருமுறை அனுப்புங்கள். பழைய 3,060-ஐ வேறு பெயரில் சேமித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மாமாவுக்கு அங்கே இடம் இருக்கிறது.