கூட்டுத்தொடரில் அந்த ஒன்றை ஏன் கூட்டுகிறோம்?

அன்புள்ள ஐயா,

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். 300க்கும் 600க்கும் இடையே 7ஆல் வகுபடும் எண்களின் கூடுதல் என்ன என்று ஒரு கணக்கு. அவளுக்கு 18,816 வந்தது. சரியான விடை 19,264. சூத்திரத்தில் ஒன்று கூட்ட மறந்துவிட்டாள் என்று டியூஷனில் சொன்னார்களாம். ஏன் கூட்ட வேண்டும் என்று அவள் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கணித மேதை காஸ் சின்னப் பையனாக இருந்தபோது கண்டுபிடித்தார் என்பார்களே, முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் ஜோடி சேர்க்கிற முறை, அதைச் செய்து பார்த்தால் நடுவில் ஒரு எண் ஜோடி இல்லாமல் நிற்கிறது. அந்தக் கதையாவது உண்மைதானா?

ஒரு வாசகி, பல்லடம்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த இரண்டு விடைகளையும் கழித்துப் பாருங்கள். 19,264இலிருந்து 18,816 போனால் மீதி 448. இந்தத் தொடரில் முதல் எண் 301, கடைசி எண் 595. இரண்டையும் கூட்டினால் 896, அதில் பாதி 448. அதாவது தொடரின் சராசரி எவ்வளவோ, சரியாக அவ்வளவுதான் உங்கள் மகளின் விடையில் குறைகிறது. அவள் கூட்டியதில் தவறே இல்லை. எண்ணியதில்தான் ஒரு ஆள் விடுபட்டுவிட்டது. இந்தப் பாடத்தில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கூட்டுகிற சூத்திரத்தைப் பிள்ளைகள் நன்றாகவே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். எத்தனை உறுப்புகள் என்பதில்தான் சறுக்குகிறார்கள்.

அவள் செய்தது இதுதான். 595இலிருந்து 301ஐக் கழித்தால் 294. அதை 7ஆல் வகுத்தால் 42. சரி, இந்த 42 எதை எண்ணுகிறது? 301இலிருந்து 308க்குப் போவது ஒரு தாவல், 308இலிருந்து 315க்கு இன்னொரு தாவல். இப்படி ஏழு ஏழாகத் தாவி 595 வந்து சேர 42 தாவல்கள் வேண்டும். ஒவ்வொரு தாவலும் ஒரு புது எண்ணில் கொண்டுபோய் விடுகிறது. ஆனால் 301க்கு நாம் தாவி வரவில்லை, அங்கிருந்துதான் புறப்பட்டோம். அதனால் அது கணக்கில் ஏறவே இல்லை. அதைச் சேர்த்துக்கொள்ளத்தான் அந்த ஒன்று. 12ஆம் தேதி முதல் 15ஆம் தேதி வரை விடுப்பு எழுதிக் கொடுத்தால் அலுவலகத்தில் மூன்று நாள் என்று வைக்க மாட்டார்கள், நான்கு நாள் என்றுதான் கழிப்பார்கள். அதே விஷயம்தான்.

பாடப்புத்தகத்தில் இதையே n = (l − a)/d + 1 என்று எழுதியிருப்பார்கள். a முதல் உறுப்பு, l கடைசி உறுப்பு, d பொது வித்தியாசம். இதை அப்படியே ஒப்பிக்கச் சொல்லாமல், இன்னொரு வழியிலும் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். 301 என்பது ஏழாம் வாய்ப்பாட்டில் 43ஆவது எண். 595 என்பது 85ஆவது. ஆக 1 முதல் 85 வரை உள்ள வரிசையில் நமக்கு வேண்டியது 43இலிருந்து. முன்னால் இருக்கும் எத்தனையை நீக்க வேண்டும்? 1 முதல் 42 வரை, அதாவது 42. 85இலிருந்து 42 போனால் 43. இந்த வழியில் ‘ஒன்று கூட்டு’ என்ற விதியே தேவைப்படவில்லை, கவனித்தீர்களா? 43ஐக் கழித்தால் நமக்கு வேண்டிய முதல் எண்ணையே தூக்கிப் போட்டுவிடுகிறோம், அவ்வளவுதான். எனக்குச் சூத்திரத்தைவிட இந்த வழி பிடிக்கும். மறந்துபோனாலும் நாமே திரும்பச் செய்துகொள்ளலாம்.

இதே இடத்தில் இன்னொரு தவறும் நடக்கும். கேள்வியில் 600 என்று இருப்பதால் அதையே கடைசி உறுப்பாக வைத்துவிடுவார்கள். அப்போது 600 − 301 = 299. அதை 7ஆல் வகுத்தால் 42 போக 5 மீதி வருகிறது. இங்கே மீதி வரவே கூடாது. வந்தால் கடைசி என்று நாம் வைத்த எண் அந்த வரிசையில் இல்லை என்று அர்த்தம். எவ்வளவு பின்னால் போக வேண்டும் என்பதையும் அந்த மீதியே சொல்லிவிடுகிறது: 600இலிருந்து 5 பின்னால் போனால் 595. ஆகவே வகுத்தலில் மீதி வந்தால் பிள்ளை அதைத் தசமமாக்கிக்கொண்டு மேலே போகாமல், அங்கேயே நின்று கடைசி உறுப்பைச் சரிபார்க்க வேண்டும்.

அப்புறம் அந்த ஜோடி இல்லாத எண். மொத்தம் 43 உறுப்புகள், ஒற்றைப்படை. இருபத்தொரு ஜோடி போக நடுவில் 448 தனியாக நிற்கும். தப்பொன்றும் இல்லை. 21 ஜோடிகள், ஒவ்வொன்றும் 896, ஆக 18,816. அதோடு தனியாக நிற்கும் 448ஐச் சேர்த்தால் 19,264. பாருங்கள், உங்கள் மகளுக்கு வந்த 18,816 இங்கே அப்படியே வந்து நிற்கிறது. நடுவில் நின்ற ஒன்றை மட்டும் சேர்த்திருந்தால் விடை வந்திருக்கும்.

ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்ற கவலையே வேண்டாம் என்றால் தொடரை மடிக்காமல், இரண்டு முறை எழுதச் சொல்லுங்கள். ஒரு வரியில் 301, 308, 315 என்று ஏறுமுகமாக. அதன் அடியில் 595, 588, 581 என்று இறங்குமுகமாக. மேலும் கீழுமாகக் கூட்டினால் ஒவ்வொரு இடத்திலும் 896. மேலே ஏழு ஏறினால் கீழே ஏழு இறங்குகிறது, அதனால் மாறுவதற்கு வழியில்லை. இப்படி 43 இடங்கள். 43 × 896 = 38,528. ஒரே தொடரை இரண்டு முறை கூட்டியிருக்கிறோம், ஆகவே பாதி: 19,264. நடுவில் நின்ற 448கூட இப்போது தனியாக இல்லை. அதன் அடியில் இன்னொரு 448 இருக்கிறது. S = n/2 × (a + l) என்ற சூத்திரத்தில் அந்த 2 எங்கிருந்து வந்தது என்பதும் இதிலேயே விளங்கிவிடும்.

ஜோடி சேர்ப்பதில் ஆள் மிஞ்சுவது பழைய சங்கதி. 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்குயின் என்ற அறிஞரின் பெயரில் வழங்கும் லத்தீன் புதிர்த் தொகுப்பு ஒன்றில் ஒரு கணக்கு வருகிறது. நூறு படிகள் உள்ள ஏணி. முதல் படியில் ஒரு புறா, இரண்டாவதில் இரண்டு, இப்படியே நூறாவது படியில் நூறு. மொத்தம் எத்தனை? அவர் 1ஐயும் 100ஐயும் சேர்க்கவில்லை. 1ஐயும் 99ஐயும் சேர்த்தார், 2ஐயும் 98ஐயும் சேர்த்தார். ஒவ்வொரு ஜோடியும் நூறு, அப்படி 49 ஜோடிகள், ஆக 4,900. ஜோடி கிடைக்காமல் 50ஆவது படியும் 100ஆவது படியும் மிஞ்சின. அவற்றையும் சேர்த்து 5,050 என்று முடித்தார். மனக்கணக்காகச் செய்ய இது இன்னும் சுலபம். ஆனால் மிஞ்சியவற்றை மறக்காமல் சேர்க்க வேண்டும்.

நம் பக்கத்திலும் இது தெரிந்ததுதான். 499இல் ஆர்யபட்டர் எழுதிய ஆர்யபட்டீயத்தில், முதலையும் கடைசியையும் கூட்டி, உறுப்புகளின் எண்ணிக்கையில் பாதியால் பெருக்கு என்று நேராகவே இருக்கிறது. அதற்கு அடுத்த சுலோகம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: கூடுதலைக் கொடுத்தால் எத்தனை உறுப்புகள் என்று கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறது. ஆக, இந்த முறையைக் காஸ் கண்டுபிடித்தார் என்று சொல்வது சரியில்லை. யாரும் சொல்லித் தராமல் ஒரு சிறுவன் தானே அதைக் கண்டுகொண்டான் என்பதுதான் கதையின் அழகு.

கதை உண்மையா என்றால், அடிப்படையை நம்பலாம். கார்ல் ஃபிரீட்ரிக் காஸ் 1777இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் ஊரில் பிறந்தவர். அவர் இறந்த மறு வருடம், 1856இல், அவருடைய நண்பர் சார்டோரியஸ் ஃபான் வால்டர்ஸ்ஹவுசன் எழுதிய நினைவு நூலில் இந்தச் சம்பவம் வருகிறது. வயதான காலத்தில் காஸே இதை மகிழ்ச்சியாகச் சொல்வாராம். ஆசிரியர் பெயர் பியூட்னர். கணக்கை முடித்த பையன் பலகையைக் கொண்டுபோய் மேசையில் வைக்க வேண்டும், அடுத்தவன் அதன் மேல் வைக்க வேண்டும். கணக்கைச் சொல்லி முடிப்பதற்குள் காஸ் பலகையை வைத்துவிட்டார். அதில் ஒரே ஒரு எண்தான் இருந்தது, அது சரியாகவும் இருந்தது. ஆனால் 1 முதல் 100 வரை என்று அந்த நூலில் இல்லை. ஏதோ ஒரு கூட்டுத்தொடர் என்று மட்டும்தான் இருக்கிறது. நூறு என்பது பின்னால் சொன்னவர்கள் சேர்த்துக்கொண்டது. கணித மேதைகளின் வாழ்க்கையை எழுதிய எரிக் டெம்பிள் பெல் 1937இல் இதைத் திரும்ப எழுதியபோது, கணக்கு 81,297, 81,495, 81,693 என்று தொடங்கி 100,899 வரை போகிற மாதிரியானது என்று போட்டார். 198 வித்தியாசம், நூறு உறுப்புகள். மகளிடம் இதைக் கொடுத்து எத்தனை உறுப்புகள் என்று கேளுங்கள். 19,602ஐ 198ஆல் வகுத்தால் 99 வரும். அங்கே நிறுத்திவிட்டால் நூறு கிடைக்காது.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லி வையுங்கள். இந்த முறை எல்லாத் தொடர்களுக்கும் பொருந்தாது. 1, 4, 9, 16 என்று 100 வரை வர்க்க எண்களை எடுத்தால், இரண்டு முனைகளும் சேர்ந்து 101, அடுத்த ஜோடி 4ம் 81ம் சேர்ந்து 85. ஜோடிக்கு ஜோடி மாறுகிறது, அதனால் பெருக்க முடியாது. வெளி ஜோடியோடு அடுத்த ஜோடியையும் கூட்டிப் பார்த்து, இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான். ஒன்றாக இருந்தாலும் எல்லா இடத்திலும் வித்தியாசம் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு மேலே போகலாம்.

பயிற்சிக்கு ஒன்று தருகிறேன். 7ஆல் வகுபடும் மூன்று இலக்க எண்கள் எத்தனை, அவற்றின் கூடுதல் என்ன? முதல் எண் 105, கடைசி 994. 889ஐ 7ஆல் வகுத்தால் 127, ஆக 128 உறுப்புகள். 64 ஜோடிகள், ஒவ்வொன்றும் 1,099, மொத்தம் 70,336. இதில் அவள் ஒன்று கூட்ட மறந்து 127 என்று வைத்தால் விடை 69,786.5 என்று வரும். முழு எண்களை மட்டும் கூட்டிக்கொண்டு போனவளுக்கு அந்த அரை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், அவளே கண்டுபிடித்துவிடுவாள்.

அன்புடன்