இலவசமாக வந்த பொருள், கமிஷன் லிங்க்: டிஸ்கிரிப்ஷனில் எப்படி எழுதுவது?

கேள்வி: பாண்டிச்சேரியில் இருந்து வீட்டு உபயோகப் பொருட்களுக்கு யூடியூபில் ரிவ்யூ போடுகிறேன். ஒரு கம்பெனி எமர்ஜென்சி லைட் ஒன்றை இலவசமாக அனுப்பியிருக்கிறது. அமேசான் அஃபிலியேட் லிங்க்கும் போடப்போகிறேன். டிஸ்கிரிப்ஷனில் கடைசியாக ஒரு வரி போட்டால் போதாதா?

பதில்: போதாது. விளம்பரத் தர அமைப்பான ஆஸ்கி 2021-இல் கொண்டுவந்த விதிப்படி, இந்தத் தகவல் முதல் இரண்டு வரிக்குள் வந்துவிட வேண்டும். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்து வைக்கவும் கூடாது. மத்திய நுகர்வோர் துறை 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ, நிபந்தனை இல்லாமல் சும்மா கொடுத்த பொருளையும் சொல்லத்தான் வேண்டும் என்கிறது. பேசுகிற மொழியிலேயே சொல்ல வேண்டும் என்பதும் அதில் உண்டு. தமிழ் வீடியோ என்றால் தமிழில்.

நான் கடலூரில் இருந்து ரிவ்யூ போடுகிறேன். உங்கள் லைட்டுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> விளம்பரம்: இந்த லைட்டைக் கம்பெனி எனக்கு இலவசமாகக் கொடுத்தது. பணம் வாங்கவில்லை.
> கீழே உள்ள இரண்டு லிங்கில் எதில் வாங்கினாலும் அமேசான் அசோசியேட்டாக எனக்குக் கமிஷன் வரும்.
> பெட்டியில் 8 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. முழு வெளிச்சத்தில் எனக்கு மூன்றரை மணி நேரம்தான் எரிந்தது.

இலவசப் பொருளையும் கமிஷனையும் தனித்தனி வாக்கியமாக வைத்திருப்பதைக் கவனியுங்கள். ‘சில லிங்குகள் அஃபிலியேட்டாக இருக்கலாம்’ என்று எழுதினால் எந்த லிங்க் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. இன்னொரு கம்பெனி லைட்டை நீங்களே காசு கொடுத்து வாங்கி ஒப்பிட்டிருந்தால், அதையும் சொல்லி, அதற்கும் லிங்க் கொடுங்கள். கமிஷன் வருகிற பொருளுக்கு மட்டும் லிங்க் வைத்தால், சொல்லாமலே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறோம்.

மூன்றாவது வரியை நான் விடவே மாட்டேன். 2024-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்ததைப் பார்த்த ஊர் இது. இங்கே மழைக்காலத்துக்கு முன்னால் இந்த லைட்டை வாங்குகிறவர் ராத்திரி முழுக்க எரியுமா என்றுதான் கேட்பார். கம்பெனி சொன்னது எது, நீங்கள் அளந்தது எது என்று பிரித்துக் காட்டாவிட்டால், ‘இலவசமாக வந்தது’ என்று சொல்லியும் அவருக்குப் பயனில்லை. அனுப்பிய பீஸைக் கம்பெனியே தேர்ந்தெடுத்தது என்பதையும் ஒரு வார்த்தை சேருங்கள். கடையில் கிடைப்பதன் பேட்டரி வேறு மாதிரி இருக்கலாம்.

அப்புறம், போனில் பார்க்கிறவருக்கு டிஸ்கிரிப்ஷனே தெரியாது. தலைப்புக்குக் கீழே தட்டினால்தான் திறக்கும். அதனால் லைட்டைக் காட்டத் தொடங்கும்போதே வாயாலும் சொல்லிவிடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ என்றால், அந்தப் பொருள் வரும் பகுதி முழுவதும் ‘இலவசமாகப் பெற்றது’ என்ற எழுத்து திரையில் இருக்க வேண்டும். அப்லோட் செய்யும்போது பணம் பெற்ற விளம்பரம் பற்றிக் கேட்கும் கட்டத்தையும் டிக் செய்யுங்கள். லிங்க்கைப் பின் செய்த கமெண்டிலும் போடுவீர்கள் என்றால், கமிஷன் வரியை அங்கேயும், லிங்க்குக்கு மேலேயே, மறுபடி எழுதுங்கள்.