படத்தில் நிற்பது ஜேசிபியா, ஹிட்டாச்சியா?

கேள்வி: கட்டுமான இடத்தில் எடுக்கும் படங்களுக்குக் குறிப்பு எழுதுவது என் வேலை. எல்லா வண்டியும் மஞ்சள், பாதிக்கு மேல் ஒரு கை நீண்டிருக்கிறது. ஜேசிபி என்று எழுதினால் மேலாளர் திருப்பி அனுப்புகிறார். எக்ஸ்கவேட்டர், பேக்ஹோ, ரோலர், கிரேன் இவற்றைப் படத்தை வைத்தே எப்படிப் பிரிப்பது? நான் தடுமாறிய படம் ஒன்றையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: ஜேசிபி, ஹிட்டாச்சி இரண்டும் நிறுவனப் பெயர்கள். பேச்சில் பேக்ஹோவை ஜேசிபி என்றும் எக்ஸ்கவேட்டரை ஹிட்டாச்சி என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் ஜேசிபி நிறுவனம் எக்ஸ்கவேட்டரும் செய்கிறது, ரோலரும் செய்கிறது. அதனால் கையில் எழுதியிருக்கும் பெயரைப் படித்து முடிவுக்கு வந்தால் மாட்டிக்கொள்வீர்கள். நிறமும் உதவாது.

ரோலரையும் கிரேனையும் பிரிப்பது சுலபம். உண்மையான தலைவலி பேக்ஹோவும் எக்ஸ்கவேட்டரும்தான். இரண்டிலும் முழங்கை போல மடங்கும் கை, அதன் நுனியில் பக்கெட். கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. கேபினுக்குக் கீழே பாருங்கள்.

எக்ஸ்கவேட்டருக்கு இடுப்பு உண்டு. கீழே சங்கிலிப்பட்டையோ சக்கரமோ இருக்கும் அடிப்பாகம் ஒரு துண்டு. கேபின், எஞ்சின், கை எல்லாம் சேர்ந்த மேல்பாகம் இன்னொரு துண்டு. நடுவில் ஒரு வட்ட வளையம். மேல்பாகம் அதன்மேல் முழு வட்டம் சுழலும். அதனால் படத்தில் கேபின் ஒரு திசையையும் பட்டை வேறு திசையையும் பார்த்திருந்தால், அது நிச்சயம் பேக்ஹோ இல்லை. கைக்கு நேர் எதிர்ப்புறம் உருண்டையாகக் கனத்த முதுகு தெரியும்; கை தூக்கும் பாரத்துக்கு எதிர் எடை அது.

பேக்ஹோ அடிப்படையில் டிராக்டர் மாதிரி. கேபின் அடிச்சட்டத்தோடு சேர்ந்தது, திரும்பாது. முன்னால் வண்டியின் அகலத்துக்கு ஒரு பெரிய பக்கெட், பின்னால் தோண்டும் கை. கை மட்டும் இடவலமாக ஏறக்குறைய அரைவட்டம் போகும். தோண்டும்போது ஓட்டுநர் இருக்கையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார். பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரம் பெரிது, முன்சக்கரம் சிறிது. முன்னாலிருந்து எடுத்த படத்தில் கை மறைந்து, முன்பக்கெட் மட்டும் உள்ள லோடர் போலத் தெரியும். அப்போது கேபின் கூரைக்குப் பின்னால் மடக்கிய முழங்கை எட்டிப் பார்க்கிறதா என்று தேடுங்கள்.

சரி, நீங்கள் அனுப்பிய படம். பள்ளத்தின் ஓரம், டயர் வண்டி, தரையில் ஊன்றிய இரண்டு கால்கள். டயரும் ஊன்றுகாலும் இருப்பதால் பேக்ஹோ என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு டயரும் ஒரே அளவு. இது முதல் சந்தேகம். ஆனாலும் நான்கு சக்கரமும் சமமாக உள்ள பேக்ஹோக்களும் இருப்பதால் இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அடுத்து, கேபின் பள்ளத்தைப் பார்த்திருக்கிறது, டயர்கள் பள்ளத்துக்கு இணையாக நிற்கின்றன. இடுப்பு திரும்பியிருக்கிறது. முன்பக்கெட் இருக்க வேண்டிய இடத்தில் தரையை ஒட்டி உயரம் குறைந்த தகடு ஒன்றுதான் இருக்கிறது. மண்ணை அள்ளும் குழிவு அதில் இல்லை. ஆக, இது டயர் எக்ஸ்கவேட்டர். சிறிய சங்கிலி எக்ஸ்கவேட்டரிலும் இதே தகடு வரும், பக்கெட் என்று ஏமாற வேண்டாம்.

கட்டுமான இடத்தில் நிற்கும் பெரும்பாலான கிரேன்களில் முழங்கை கிடையாது. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும் நேரான குழாய், அல்லது கம்பிப் பின்னல் போன்ற நீளக் கை. நுனியில் கப்பி, அதிலிருந்து இரும்புக் கயிறு, கொக்கி. எக்ஸ்கவேட்டர் பக்கெட்டில் வார் கட்டிக் குழாய் தூக்கும் படங்கள் நிறைய வரும். கை நுனிக்குக் கயிறு ஓடாமல் பக்கெட் இருந்தால் அது கிரேன் இல்லை. ஊன்றுகாலை மட்டும் நம்பாதீர்கள். சுமையைத் தூக்கிக்கொண்டே நகரும் சிறிய கிரேன்களுக்கு அது இருக்காது.

ரோலருக்குக் கையே இல்லை, இரும்பு உருளை போதும். ஒரு உருளை முன்னால், பின்னால் டயர் என்ற வகையைப் பின்பக்கமிருந்து எடுத்தால் டிராக்டர் போல இருக்கும். உருளையே இல்லாத ரோலரும் உண்டு. கோடுகளற்ற வழுவழுப்பான டயர்கள் முன்னும் பின்னும் வரிசையாக நெருங்கி நிற்கும். முன்வரிசை விட்ட இடைவெளியில் பின்வரிசை டயர் ஓடும். தார் போட்ட சாலையில் இதைப் பார்த்தால் லாரி என்று எழுதிவிடாதீர்கள்.

பக்கெட்டும் அரைக் கையும் மட்டும் தெரியும் படத்தில் என்னாலும் பிரிக்க முடியாது. படம் எடுப்பவரிடம் சொல்லி, கேபினும் சக்கரமும் சேர்ந்து தெரியும்படி பக்கவாட்டில் இன்னொன்று எடுத்துத் தரச் சொல்லுங்கள்.