வட்டத்தையும் அம்பையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்

கேள்வி: என் பையன் எட்டாவது படிக்கிறான். அசமன்பாட்டை எண்கோட்டில் வரையும்போது எங்கே காலி வட்டம், எங்கே நிரப்பிய வட்டம் என்று ஒவ்வொரு தடவையும் மாற்றிப் போடுகிறான். எப்படிப் புரிய வைப்பது?

முதலில், பையனைத் திட்டாதீர்கள். இந்நேரம் இரண்டு மூன்று முறை திட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நானும் என் மகளைத் திட்டினேன். வகுப்புத் தேர்வில் இந்த ஒரு பகுதியில் மட்டும் ஐந்து மதிப்பெண் போய், தாளில் சிவப்பு மையில் "கவனக்குறைவு" என்று எழுதி வந்தது. அந்த வார்த்தை எனக்கு இன்றும் உறுத்துகிறது. பெற்றோர் கூட்டத்தில் காரணம் கேட்டேன். "டியூஷனில் சேர்த்துவிடுங்கள்" என்பதுதான் பதில். பள்ளிக்கும் கட்டி டியூஷனுக்கும் கட்ட எல்லா வீட்டிலும் முடியுமா?

சரி, அன்று இரவு அவளுடைய நோட்டை எடுத்து வைத்து ஒவ்வொரு கணக்காகப் பார்த்தேன். கோடு போட்ட நோட்டு. கரும்பலகையில் இருந்த ≥ குறியை அவள் சரியாகத்தான் பார்த்து எழுதியிருக்கிறாள். ஆனால் குறிக்குக் கீழே வரும் சிறு கோடு, நோட்டின் நீலக் கோட்டின் மேலேயே விழுந்து மறைந்துவிட்டது. அடுத்த வரியில் அவளே அதை > என்று படித்து, காலி வட்டம் போட்டிருக்கிறாள். உங்கள் பையன் நோட்டையும் ஒரு தடவை இப்படிப் பாருங்கள். குறியைக் கோட்டுக்குச் சற்று மேலே எழுதச் சொன்னாலே போதும்.

இரண்டாவது தவறு அம்பில். "குறியின் முனை பார்க்கும் பக்கம் அம்பு போடு" என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். x < 3 என்றால் அது சரியாக வரும். 3 < x என்று திருப்பிக் கேட்டால் முனை இடப்பக்கம் பார்க்கும், விடையோ வலப்பக்கம் இருக்கும்.

நான் அவளுக்குச் சொன்னது இதுதான்: வட்டம் ஒரு கேள்விக்குப் பதில், அம்பு வேறொரு கேள்விக்குப் பதில். 7 − 2x ≥ 13 என்ற கணக்கை எடுத்துக்கொண்டோம். 7-ஐக் கழித்தால் −2x ≥ 6. −2 ஆல் வகுக்கும்போது குறி திரும்பும், x ≤ −3. எல்லை −3.

இப்போது −3-ஐயே முதல் வரியில் போட்டுப் பார். 7 + 6 = 13. 13 ≥ 13 உண்மை, ஆகவே −3 விடையில் சேரும், வட்டத்தை நிரப்பு. அப்புறம் 0 போட்டுப் பார். 7 ≥ 13 பொய். 0 விடையில் இல்லை, அது −3-க்கு வலப்பக்கம் இருக்கிறது, ஆகவே அம்பு இடப்பக்கம். குறியைத் திருப்ப மறந்து x ≥ −3 என்று எழுதியிருந்தாலும் இந்த 0 காட்டிக்கொடுத்துவிடும். எல்லையே 0 ஆக இருந்தால் 1 போட்டுக்கொள்ளலாம்.

இதில் அவளுக்குப் பிடித்துப்போன விஷயம், ≥ திரும்பினாலும் ≤ ஆகத்தான் ஆகிறது, அடிக்கோடு எங்கும் போவதில்லை. ஆகவே வட்டம் எது என்று கணக்குப் போடும் முன்பே, முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பின்னத்தின் கீழே x வரும் கணக்குகளில் இது செல்லாது என்று யாராவது கருத்தில் எழுத வருவீர்கள். உண்மைதான், ஆனால் நான் எட்டாம் வகுப்புப் பையனுக்குச் சொல்கிறேன்.

அவள் கேட்ட ஒரு கேள்வி உங்கள் வீட்டிலும் வரும்: "x > 3 என்றால் 3-இல் காலி வட்டம் எதற்கு? 4-இல் நிரப்பிய வட்டம் போட்டால் என்ன?" 3.5 விடுபட்டுப் போகும் என்றேன். அப்போ 3.5-இல் போடலாமே என்றாள். 3.1 இருக்கிறது, 3.01 இருக்கிறது, 3.001 இருக்கிறது. 3-க்கு அடுத்த எண் என்று ஒன்றைக் காட்டவே முடியாது, அதனால்தான் 3-இல் வட்டம் போட்டு, உள்ளே நிரப்பாமல் விடுகிறோம். கேள்வியில் "x ஒரு முழு எண்" என்று இருந்தால் மட்டும் கதை வேறு. அங்கே 4, 5, 6 என்று தனித்தனிப் புள்ளிகள்தான், இடையில் கோடு கூடாது. பிள்ளைகள் இந்த இரண்டு விதத்தையும் பார்ப்பதால் குழம்புகிறார்கள், அந்த வரியைப் படிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக அவளுக்கு ரயில் டிக்கெட்டை வைத்து ஒரு கணக்குக் கொடுத்தேன். ஐந்து வயது நிறைந்து பன்னிரண்டு நிறையாதவர்களுக்குத்தான் குழந்தைக் கட்டணம். (தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், அது இங்கே வேண்டாம்.) 5 ≤ x < 12 என்று அவளே எழுதினாள். 5-இல் நிரப்பிய வட்டம், 12-இல் காலி வட்டம், நடுவில் கோடு. "அம்பு எந்தப் பக்கம்மா?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்வதற்குள் அவளே "ரெண்டு பக்கமும் முடிஞ்சிடுச்சே, அம்பே வேண்டாம்" என்றாள்.