நாலு ஸ்பேட் கீழே, ஏஸ் கையில்: ஏன் ஃபிளஷ் இல்லை?

கேள்வி: போக்கரில் ஹோல்டெம் ஆடிப் பழகியவன், இப்போது ஓமஹா ஆடுகிறேன். கையில் ஸ்பேட் ஏஸ், டைமண்ட் ஏஸ், ஹார்ட் கிங், கிளாவர் 7. எல்லோருக்கும் பொதுவான போர்டில் ஸ்பேட் குயின், 9, 6, 2, கூடவே டைமண்ட் குயின். ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு, ஏஸ் ஃபிளஷ் என்று நம்பிக் கடைசிவரை போனேன். ஸ்பேட் 5, 4 வைத்திருந்தவர் ஜெயித்தார். எப்படி?

பதில்: ஹோல்டெமில் ஏழு சீட்டிலிருந்து எந்த ஐந்தையும் எடுக்கலாம். ஓமஹாவில் கையிலிருந்து சரியாக இரண்டு, போர்டிலிருந்து சரியாக மூன்று. உங்கள் கையில் ஒரே ஒரு ஸ்பேட். அதோடு போர்டின் மூன்று சேர்ந்தாலும் நான்குதான் ஆகிறது. ஐந்தாவது உங்கள் கையிலிருந்துதான் வர வேண்டும். ஆக, உங்களிடம் இருந்தது இரண்டு ஏஸ், இரண்டு குயின், ஒரு 9. வெறும் இரண்டு ஜோடி. அவருடைய 5, 4 சிறியவைதான், ஆனால் இரண்டும் ஸ்பேட். குயின், 9, 6 சேர்ந்து ஃபிளஷ் ஆகிவிட்டது.

இதே விதிதான் ஆரம்பக் கையின் மதிப்பையும் மாற்றுகிறது. நான்கு சீட்டை ஆறு இரட்டையாகப் பிரித்துப் பாருங்கள். உங்களுக்கு ஏஸ்-ஏஸ் ஒன்று, ஏஸ்-கிங் இரண்டு, ஏஸ்-7 இரண்டு, கிங்-7 ஒன்று. அந்த 7 ஆறில் மூன்றைக் கெடுத்துவிட்டது. நான்கும் நான்கு ஜாதி என்பதால் ஃபிளஷுக்கு வழியே கிடையாது. 7க்குப் பதில் ஸ்பேட் 10 இருந்திருந்தால் கை எவ்வளவோ மேல். கையில் மூன்றாவது ஏஸ் வந்தால் நல்லது என்று தோன்றும். அது உண்மையில் நஷ்டம். இரண்டைத்தான் பயன்படுத்த முடியும், மூன்றாவது ஏஸ் உங்களுக்கு உதவ வேண்டிய ஒரு சீட்டை உங்கள் கையிலேயே முடக்கிவிடுகிறது.

எதிராளிக்கும் ஆறு இரட்டைகள் உண்டு என்பதை மறக்காதீர்கள். போர்டின் முதல் மூன்று சீட்டான ஃப்ளாப்பில் 9, 8, 2 வெவ்வேறு ஜாதியில் விழுகிறது என்று வையுங்கள். ஹோல்டெமில் ஜாக்-10 வைத்திருப்பவருக்கு வரிசையான ஐந்து சீட்டு, அதாவது ஸ்ட்ரெய்ட் தருவது நான்கு குயினும் நான்கு 7ம், மொத்தம் 8 சீட்டு. மீதி இரண்டு சீட்டில் அது அமைய ஏறக்குறைய 31 சதவீத வாய்ப்பு. ஓமஹாவில் ஒருவர் ஜாக், 10, 7, 6 வைத்திருந்தால் குயின் நான்கு, 5 நான்கு, அப்புறம் ஜாக், 10, 7, 6 ஒவ்வொன்றிலும் மூன்று என 20 சீட்டு உதவும். வாய்ப்பு சுமார் 70 சதவீதம்! ஹோல்டெமில் தைரியமாகப் பந்தயம் கட்டவைக்கும் ஏஸ் ஜோடி, இங்கே ஃப்ளாப்பிலேயே பின்தங்கிய கை.

அதனால் ஒவ்வொரு சீட்டு விழும்போதும், இந்த போர்டில் அமையக்கூடிய மிகப் பெரிய கை எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதை உண்டாக்கும் இரண்டு சீட்டும் உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், அந்தப் பெரிய கை உங்களுடையது அல்ல.