முன்னாய்வுகளை எப்படி அடுக்குவது?

வணக்கம் சார்,

வேளாண் பொருளாதாரத்தில் முதுகலை படிக்கிறேன். திண்டுக்கல் பக்கம் சிறு, குறு விவசாயிகள் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மாறுவது பற்றி ஆய்வேடு. முன்னாய்வு அத்தியாயத்தில் 40 கட்டுரைகளை வருட வரிசையில், ஒன்றுக்கு ஒரு பத்தியாக எழுதிக் கொடுத்தேன். "இது பட்டியல்" என்று கைடு திருப்பிவிட்டார். வயது, கல்வி, நிலம் என்று தலைப்பு போட்டுப் பிரித்தால் போதுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போதாது. அப்படிப் பிரித்தால், நில அளவு கூடினால் ஏற்பு கூடுகிறது என்று நாலு பேர், இல்லை என்று மூன்று பேர் என்றுதான் ஒவ்வொரு பகுதியும் முடியும். முடிவுகள் ஏன் முரண்படுகின்றன என்பதைச் சொல்ல இடமே இருக்காது.

முதலில் ஒரு அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு ஆய்வுக்கும் ஊர், அப்போதைய மானியம், யாரை 'ஏற்றவர்' என்று கணக்கில் எடுத்தார்கள் என்ற மூன்று நெடுவரிசை போதும். மூன்றாவதுதான் முக்கியம். குழாய் போட்டவரா, இன்றும் அதில் தண்ணீர் விடுபவரா? பல கட்டுரைகளில் இது முடிவுரையில் இருக்காது, கேள்வித்தாள் பற்றிய பகுதியில் ஒரு வரியாக ஒளிந்திருக்கும். தேடி எடுங்கள்.

அந்த அட்டவணையே அத்தியாயத்தைப் பிரித்துக் கொடுத்துவிடும்: யார் போடுகிறார்கள், யார் தொடர்ந்து ஓட்டுகிறார்கள், யார் விட்டுவிடுகிறார்கள். ரோஜர்ஸின் பரவல் கோட்பாட்டுக்கு ஒரு பக்கம் போதும்.

நில அளவையே எடுத்துக்கொள்வோம். குஜராத், மகாராஷ்டிராவை ஆராய்ந்த நமராவும் சகாக்களும் (2007), விலை குறைந்த நுண்பாசனக் கருவிகளைக்கூட ஓரளவு வசதியானவர்களே அதிகம் வாங்கியிருந்ததாகக் கண்டார்கள். அங்கே கைப்பணம் ஒரு தடை. தமிழ்நாட்டிலோ சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. கருவிக்கான பணத்தடை பெரிதும் தளர்ந்த இடத்துக்கு அந்த முடிவை அப்படியே கொண்டுவர முடியாது. இதை எழுதினால் முரண்பாட்டுக்கு விளக்கம் கிடைத்துவிடும்.

அடுத்து, விட்டுவிடுவது. கென்யாவில் குலேச்சோவும் வெதர்ஹெட்டும் (2005) கைவிட்டவர்களையே தேடிப் போய்க் கேட்டார்கள். பராமரிப்பும் நம்ப முடியாத நீர்வரத்தும் காரணங்களாக வந்தன. நம் ஊரிலும் உப்புத் தண்ணீரில் சொட்டுவான் அடைத்துக்கொள்ளும், எலி குழாயைக் கடிக்கும். மானியப் பதிவேட்டில் அந்த வயல் 'சொட்டுநீர் போட்டது' என்றே இருக்கும். பதிவேட்டை வைத்து எழுதிய கட்டுரைகளை வயலில் போய்க் கேட்டவற்றோடு ஒரே பத்தியில் கலக்காதீர்கள்.

இன்னொன்று. இங்கே பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். தண்ணீர் மிச்சமானாலும் பில் குறையாது. கூலி ஆள் கிடைக்காததே சொட்டுநீருக்கு மாறப் பலருக்குப் பெரிய காரணமாக இருக்கலாம். மின்கட்டணம் உள்ள ஊர்களின் ஆய்வுகளைப் படிக்கும்போது இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அத்தியாயத்தின் கடைசிப் பத்தியில் "இத்தலைப்பில் ஆய்வுகள் குறைவு" என்று எழுதாதீர்கள், கைடு நம்பமாட்டார். முழு மானியத்தில் போட்டவர்களில் சில வருடம் கழித்தும் ஓட்டுபவர் யார் என்பதே உங்கள் கேள்வி என்றால், அட்டவணையில் அந்தக் கட்டத்துக்குள் எத்தனை ஆய்வு விழுகிறது என்று எண்ணி, அந்த எண்ணையே எழுதுங்கள்.