நீரில் மிதக்கும் பெட்டி ஏன் நடுங்குகிறது?

கேள்வி: என் இருபரிமாண விளையாட்டில் பெட்டி நீரைத் தொட்டதும் மேல்நோக்கி ஒரு நிலையான விசை கொடுக்கிறேன். அது மிதக்காமல் நீர்மட்டத்தில் துள்ளிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

பதில்: நீருக்குள் இருந்தால் முழு விசை, வெளியே வந்தால் விசையே இல்லை என்று வைத்தால், ஈர்ப்பும் மிதப்பு விசையும் சமநிலை அடையும் இடமே இருக்காது. ஆகவே விசையை, பெட்டியின் எவ்வளவு பகுதி மூழ்கியுள்ளது என்பதற்கு ஏற்ப மாற்ற வேண்டும். கீழ்நோக்கி y வளர்கிறது, y பெட்டியின் மேல் விளிம்பு, பெட்டியின் அடர்த்தி நீரில் பாதி என்று கொள்வோம்:

```
s = clamp((y + h - waterY) / h, 0, 1)
vy += (g - 2*g*s - c*s*vy) * dt
y += vy * dt
```

இதில் s என்பது மூழ்கிய பங்கு; அது 0.5 ஆகும்போது விசைகள் சமனாகின்றன.

ஆனால் நீரின் தடையைக் குறிக்கும் c சுழியமாக இருந்தால் பெட்டி சுருள்வில்லில் கட்டியதுபோல் ஓயாமல் ஊசலாடும். h = 1, g = 10 எனில், சிறு ஊசல் ஒன்றுக்கு ஏறத்தாழ 1.4 நொடி ஆகும். சமநிலையில் s பாதி என்பதால், c-ஐ 18 அளவுக்கு வைத்தால் ஊசலே இராது. 5 வைத்தால் ஓரிரு முறை ஆடி அடங்கும், கண்ணுக்கும் அதுவே இயல்பாகத் தெரியும் என்பது என் கருத்து.

நீர்த்தெறிப்பையும் வெறும் தொடுதலை வைத்துத் தூண்டாதீர்கள். நீர்மட்டத்தைக் கடக்கும்போது vy ஒரு வரம்பை மீறினால் மட்டும் தூண்டுங்கள், இல்லையேல் அமைதியாக மிதக்கும் பெட்டியும் துளிகளை வாரி இறைக்கும். நீந்தும் பாத்திரத்துக்கும் இதே கணக்கு பொருந்தும். அடர்த்தியை மட்டும் நீருக்கு நெருக்கமாக வைத்தால் போதும்.